மூட்டு ஒன்றில்லை, நாலைந்து: அம்மாவுக்கு வீட்டிலேயே வலிமைப் பயிற்சி எப்படி ஆரம்பிப்பது?

மாடிப்படி | 3 ஜூலை 2024

அம்மாவுக்கு 72 வயது. கும்பகோணத்தில் என்னோடுதான் இருக்கிறார். இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலது கைக் கட்டைவிரலின் அடி மூட்டில் வலி, இடது தோள்பட்டையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. எலும்பு டாக்டர் "ஆபரேஷன் இப்போது வேண்டாம், தசையைப் பலப்படுத்துங்கள்" என்று சொல்லி, படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். பன்னிரண்டு பயிற்சிகள், ஒவ்வொன்றும் பத்து முறை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டையும் செய்ய வைத்தேன். திங்கட்கிழமை வலது முட்டி வீங்கிவிட்டது. கட்டைவிரல் வலியில் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. "தேய்ஞ்சதை ஏன்டா இன்னும் தேய்க்கிற?" என்று கேட்கிறார். எனக்கும் அதே சந்தேகம்தான். இந்த மாதிரி ஆளுக்கு வலிமைப் பயிற்சி கூடாதா, அல்லது நான் செய்ய வைத்த விதம் தப்பா?

தண்டால்காரன் | 3 ஜூலை

விதம்தான் தப்பு ப்ரோ. தாளில் இருக்கிற பாதி பயிற்சியில் எடையே இல்லை. எடை ஏற்றாமல் தசை வராது. ஒரு கிலோ டம்பெல் இரண்டு வாங்குங்கள், கைக்கு ஒரு ஸ்பாஞ்ச் பந்து வாங்கி நன்றாக அமுக்கச் சொல்லுங்கள். 1990-லேயே அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்து, கால் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. உங்கள் அம்மா அவர்களை விடச் சின்னவர்.

பெரியகுளம் பாட்டி | 3 ஜூலை

ஈ.எஸ்.ஆர். பார்த்தீர்களா தம்பி? எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு கை மணிக்கட்டும் விரல் முட்டிகளும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கை மடங்காது. முடக்குவாதம் என்று கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. இப்போது வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் போடுகிறேன். முதலில் ரத்தம் பாருங்கள், அப்புறம் பயிற்சி.

மாடிப்படி | 4 ஜூலை

பார்த்தாயிற்று பாட்டி, ரத்தத்தில் ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் காலை விறைப்பு பத்துப் பதினைந்து நிமிஷம்தான், இரண்டு நடை நடந்தால் விட்டுவிடும். தேய்மானம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

டம்பெல் யோசனை ஓடவில்லை. கட்டைவிரலால் பிடிக்க முடிந்தால்தானே டம்பெல்.

பழைய பிசியோ | 4 ஜூலை

முப்பது வருஷம் பிசியோதெரபி பார்த்து ஓய்வு பெற்றவள். மாடிப்படி தம்பி, உங்கள் தாளில் தப்பில்லை. ஆனால் அது ஒரு மூட்டு மட்டும் கெட்டவருக்கான தாள். முட்டிக்கான பயிற்சியில் கையை ஊன்றி எழச் சொல்லும், தோளுக்கானதில் எடையைக் கையில் பிடிக்கச் சொல்லும். நாலு மூட்டு கெட்டவருக்கு ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றின் மேல் பாரம் இறங்குகிறது. அதனால் ஒவ்வொரு பயிற்சியிலும், பாரம் தசைக்குப் போகிற வழியில் எந்த மூட்டு நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஸ்பாஞ்ச் பந்து உங்கள் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். நுனியில் அமுக்குகிற விசை கட்டைவிரலின் அடி மூட்டில் பல மடங்காகப் போய் விழும். அவருக்கு வலி இருப்பதே அந்த இடத்தில்தான்.

சில கேள்விகள். ஞாயிறன்று அவர் எதிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்? அந்த இருக்கை எவ்வளவு உயரம்? காலை நேராகத் தூக்குவதைத் தரையில் படுத்துச் செய்தாரா? தரையில் படுத்தவரை எப்படி எழுப்பினீர்கள்?

மாடிப்படி | 5 ஜூலை

அளந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, 16 இன்ச். இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றித்தான் எழுந்தார். ஆக, பத்து முறை எழுந்ததில் கட்டைவிரல் பத்து முறை நசுங்கியிருக்கிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

தரையில் பாய் போட்டுத்தான் படுக்க வைத்தேன். எழுப்ப நானும் மனைவியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தோம். ஆமாம், இடது கையையும்தான். திட்டாதீர்கள்.

பழைய பிசியோ | 5 ஜூலை

திட்டவில்லை. வீக்கம் வடியும் வரை எழுந்து உட்காருவது வேண்டாம். முட்டிக்குள் நீர் கோத்திருக்கும்போது முன்தொடைத் தசை சரியாக வேலை செய்யாது, எவ்வளவு மனசு வைத்தாலும் பாதிதான் இறுகும். வடிந்ததும் மூன்றே மூன்று பயிற்சி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எல்லாமே கட்டிலிலும் நாற்காலியிலும்தான், தரை வேண்டாம்.

முதலாவது: கட்டிலில் காலை நீட்டி, சாய்ந்து உட்கார வேண்டும். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு. முட்டியின் பின்பக்கத்தால் துண்டைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். மூட்டு நகராது, தொடை மட்டும் இறுகும். கால் ஒன்றுக்கு எட்டு முறை. இதை மட்டும் வீக்கம் இருக்கும்போதே, வலி கூடாமல், லேசாக ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது: உயரமான இடத்திலிருந்து எழுவது. கையை ஊன்றாமல் எழ முடிகிற உயரம் எதுவோ அதுதான் ஆரம்ப உயரம். பாதத்தை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு முன்னால் வருகிற அளவு சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். ஐந்து முறை போதும்.

மூன்றாவது, கைக்கு. அதை இரண்டு வாரம் கழித்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் இன்றைக்கே செய்ய வைப்பீர்கள்.

வலி வரலாம், பயப்பட வேண்டாம். பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் அளவு அதிகம் என்று அர்த்தம், பயிற்சியே கூடாது என்று அர்த்தமில்லை. புதிதாக வீக்கமோ சூடோ வந்தால் நிறுத்துங்கள்.

மாடிப்படி | 12 ஜூலை

வீக்கம் வடிந்துவிட்டது. தலையணை இரண்டைப் போட்டு நாற்காலியை உயர்த்தினேன். படுமோசம். அம்மா அமுங்கிப் பழைய உயரத்துக்கே போய்விட்டார், நாற்காலி டைல்ஸில் பின்னால் வழுக்கியது. நல்லவேளை, பிடித்துவிட்டேன்.

இப்போது தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில்தான். மெத்தையோடு 21 இன்ச், சுவரை ஒட்டிக் கிடக்கிறது, அசையாது. ஓரத்தில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுகிறார். ஐந்து முறையில் ஐந்தாவது கொஞ்சம் ஆடுகிறது.

மாடிப்படி | 12 ஜூலை, இரவு

பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றுக்கும் "ஏதோ வலிக்குது" என்றார். கடைசியில் அவராகவே ஒரு கணக்குக்கு வந்துவிட்டார்: நாலணா வலி, எட்டணா வலி, முக்கால் ரூபாய் வலி. எட்டணா வரை போகலாம் என்று ஒப்பந்தம். காலண்டரில் தினமும் அவரே எழுதுகிறார், மாலை ஒன்று, மறுநாள் காலை ஒன்று.

தண்டால்காரன் | 13 ஜூலை

ஐந்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இந்த வேகத்தில் போனால் அடுத்த ஆடிக்குத்தான் தசை வரும் 😄. எளிதாகச் செய்ய முடிகிறதை எத்தனை நாள் செய்தாலும் அது வலிமைப் பயிற்சி ஆகாது. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும்.

பழைய பிசியோ | 13 ஜூலை

கடைசி வாக்கியம் சரி. ஐந்தாவது முறை ஆடுகிறது என்று அவர் எழுதியிருக்கிறாரே, அவர் அம்மாவுக்கு அந்தக் கட்டில்தான் இப்போதைக்கு ஜிம்.

முதியோர் இல்ல ஆய்வைச் சொன்னீர்கள். அதில் பத்துப் பேர்தான், பக்கத்திலேயே ஆள் நின்று செய்ய வைத்தார்கள். 2021-இல் 'ஜாமா' இதழில் வந்த முட்டித் தேய்மான ஆய்வையும் பாருங்கள். கனமான எடையோடு பயிற்சி செய்தவர்கள், லேசான எடையோடு செய்தவர்கள், பயிற்சியே இல்லாமல் வகுப்புக்கு மட்டும் வந்தவர்கள் என்று மூன்று கூட்டம். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கனமான எடை மற்ற இரண்டையும் விட முட்டி வலியைக் குறைத்துவிடவில்லை.

தண்டால்காரன் | 13 ஜூலை

அப்போ லேசான எடையும் சும்மா உட்கார்ந்திருந்ததும் ஒன்று என்றுதானே ஆகிறது? உங்கள் பயிற்சிக்கும் அது பொருந்துமே அக்கா.

பழைய பிசியோ | 14 ஜூலை

நல்ல கேள்வி. வலி குறைவதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்பதில் எனக்கே இப்போது முழு உறுதி இல்லை. என்னிடம் வந்தவர்களில் பலருக்குக் குறைந்தது, அது பயிற்சியாலா, ஒருவர் கவனித்துக்கொண்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் யார் கையையும் பிடிக்காமல் கழிப்பறையிலிருந்து எழ முடிந்ததா என்பதற்கு ஆய்வு தேவையில்லை, கண்ணால் பார்க்கலாம். வலிக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எழுவதற்குக் கொடுப்பேன்.

பெரியகுளம் பாட்டி | 15 ஜூலை

நானும் துண்டுப் பயிற்சி ஆரம்பித்தேன். கை வீங்கியிருக்கிற நாளில் செய்யலாமா? கழுத்தும் வலிக்கிறது. எட்டு வருஷமாக ஸ்டீராய்டு கொஞ்சம் எடுக்கிறேன்.

பழைய பிசியோ | 15 ஜூலை

பாட்டிம்மா, உங்கள் கதை வேறு, இந்த இழையைப் பார்த்துச் செய்யாதீர்கள். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டின் மேல் பாரம் கூடாது, மெதுவாக மடக்கி நீட்டினால் போதும். முடக்குவாதத்தில் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வதுண்டு. கழுத்து வலியோடு கை மரத்துப் போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மரக்காவிட்டாலும் படம் எடுத்துப் பார்க்காமல் கழுத்துப் பயிற்சி எதுவும் வேண்டாம். இத்தனை வருஷ ஸ்டீராய்டுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம், குனிந்து பாரம் தூக்காதீர்கள்.

மாடிப்படி | 20 ஜூலை

ஒரு விஷயம் கவனித்தேன். ஐந்து எண்ணும்போது அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், முகம் சிவக்கிறது. பிபி மாத்திரை வேறு சாப்பிடுகிறவர். வாய்விட்டு எண்ணச் சொன்னால் வெட்கம். அவருக்குப் பிறந்த ஊர் மாயவரம். அதனால் எண்ணுக்குப் பதில் ஸ்டேஷன் பெயர்: திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மாயவரம். மாயவரம் வந்ததும் காலைத் தளர்த்திவிடுவார். பேசிக்கொண்டே இருப்பதால் மூச்சு நிற்பதில்லை.

கேள்வி மட்டும் | 20 ஜூலை

நரசிங்கன்பேட்டை எங்கே சார்? நாதஸ்வரம் செய்கிற ஊரை விட்டுவிட்டுப் போகிறது உங்கள் ரயில்.

மாடிப்படி | 20 ஜூலை

எல்லா வண்டியும் அங்கே நிற்காது. இது எக்ஸ்பிரஸ்.

பழைய பிசியோ | 23 ஜூலை

மூன்றாவது பயிற்சி. சைக்கிள் ட்யூப் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பட்டையை ஜன்னல் கம்பியில், உட்கார்ந்தால் முழங்கை வருகிற உயரத்தில் சுற்றி, இரண்டு முனையிலும் வளையம் போடுங்கள். வளையத்தைக் கையால் பிடிக்கக் கூடாது. முழங்கைக்குக் கீழே, முன்கையில் மாட்ட வேண்டும். அப்புறம் முழங்கையைப் பின்னால் இழுத்து, தோள்பட்டை எலும்புகளை ஒன்றோடொன்று நெருக்கி, மெதுவாக விட வேண்டும். விரலுக்கும் மணிக்கட்டுக்கும் இதில் வேலையே இல்லை, தோளும் மேலே போவதில்லை. எட்டு முறை.

மாடிப்படி | 30 ஜூலை

ட்யூப் அறுந்தது. பரணில் கிடந்த என் பழைய சைக்கிளின் ட்யூப், வெட்டும்போதே ஓரத்தில் வெடிப்பு இருந்தது, பார்த்துவிட்டும் கட்டினேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பட்டை ஜன்னல் பக்கம் போய்ப் பூனையைத்தான் மிரட்டியது. புது ட்யூப் வாங்கிவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் இழுத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

நேரத்தையும் மாற்றினோம். காலை ஆறு மணிக்குச் செய்தபோது ஆறணா வலி. குளித்துவிட்டுப் பதினோரு மணிக்குச் செய்தால் மூன்றணா. பயிற்சி அதேதான்.

தண்டால்காரன் | 18 ஆகஸ்ட்

ஒரு அளவு வேண்டாமா ப்ரோ? முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார் என்று பாருங்கள். 70-லிருந்து 74 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே.

மாடிப்படி | 19 ஆகஸ்ட்

ஏழு. கட்டிலிலிருந்து.

பழைய பிசியோ | 19 ஆகஸ்ட்

அந்தப் பத்து 17 இன்ச் நாற்காலிக்கான கணக்கு, அதுவும் கையை மார்பில் கட்டிக்கொண்டு. 21 இன்ச் கட்டிலில் ஏழு என்பதை அதோடு ஒப்பிட முடியாது. போன மாதத்து அம்மாவோடு மட்டும் ஒப்பிடுங்கள். கையைக் கட்ட வேண்டாம், தோள் வலிக்கும், தொடை மேல் சும்மா கிடக்கட்டும்.

இப்போது இரண்டில் ஒன்றைக் கூட்டலாம். எட்டு முறை ஆக்குங்கள், இல்லை ஒரு இன்ச் உயரம் குறையுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். வலி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

மாடிப்படி | 1 செப்டம்பர்

எட்டு முறை ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிற பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. கணுக்காலில் அரைக் கிலோ. முதலில் அரிசியைத் துணிப்பையில் தைத்துக் கட்டினேன், வண்டு வந்துவிட்டது. இப்போது காய்ந்த மணல். வலது முட்டிச் சில்லு நீட்டும்போது கரகரவென்று சத்தம் போடுகிறது.

பழைய பிசியோ | 2 செப்டம்பர்

சத்தத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். சத்தத்தோடு சில்லுக்குப் பின்னால் குத்தினால் மட்டும் பையைக் கணுக்காலிலிருந்து அவிழ்த்து, முட்டிக்குச் சற்றுக் கீழே கட்டுங்கள். எடை அதேதான், நெம்புகிற தூரம் குறைவதால் பாரம் குறையும். அப்படியும் குத்தினால் பை வேண்டாம்.

மாடிப்படி | 8 செப்டம்பர்

போச்சு. வலது முட்டி மறுபடி வீங்கிவிட்டது. பன்னிரண்டணா. மணல் பைதான் காரணம், எடையே கட்டியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். "நான் அப்பவே சொன்னேன்" என்கிறார் அம்மா. தண்டால்காரரைத்தான் திட்ட வேண்டும் போலிருக்கிறது.

தண்டால்காரன் | 8 செப்டம்பர்

அரைக் கிலோவுக்கு என்னையா?

மாடிப்படி | 10 செப்டம்பர்

தண்டால்காரரிடம் மன்னிப்பு. மணல் பை மேலும் பழி இல்லை.

காலண்டரை எடுத்துப் பார்த்தேன். பை கட்டி மூன்று முறை செய்திருக்கிறார், மூன்று மறுநாள் காலையும் இரண்டணாதான். கடைசிப் பயிற்சி வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை காலை வீக்கம் ஒன்றுமில்லை. வீங்கியது ஞாயிறு. நடுவில் சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைப் பூரணத்துக்கு ஐந்து தேங்காயைத் துருவுமணையில் உட்கார்ந்து துருவியிருக்கிறார், ஒரு காலை மடக்கிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம். நான் அன்று வீட்டில் இல்லை. மனைவி தடுத்தாளாம், "உனக்கு ஒழுங்கா துருவத் தெரியாது" என்று பதில் வந்ததாம். கட்டைவிரலும் வீங்கியிருப்பதை நேற்றுதான் காட்டினார். மணல் பையால் கட்டைவிரல் எப்படி வீங்கும்? அதை யோசித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கும்.

பழைய பிசியோ | 10 செப்டம்பர்

இதற்குத்தான் எழுதி வைக்கச் சொல்வது. வீக்கம் வடிகிற வரை துண்டுப் பயிற்சி. அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், பாதியிலிருந்து: நாலு முறை, பை இல்லாமல். ஒரு வாரம் போனதும் பழைய அளவு.

கேள்வி மட்டும் | 11 செப்டம்பர்

முட்டிக்கு மாட்டுகிற நீ கேப், பிண்டத் தைலம் பற்றி யாரும் பேசவே இல்லையே?

மாடிப்படி | 11 செப்டம்பர்

இரண்டும் இருக்கிறது. நீ கேப் கோயிலுக்குப் போக மட்டும். தைலம் மனைவி தேய்த்துவிடுகிறாள், அந்த நேரத்தில் இரண்டு பேரும் சீரியல் பேசுகிறார்கள். அதை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

மாடிப்படி | 19 அக்டோபர்

நிலவரம். கட்டிலில் முப்பது விநாடிக்குப் பதினொன்று. ஹாலில் இருக்கிற மர நாற்காலி 18 இன்ச், அதில் ஆறு, கை ஊன்றாமல். சோபா இன்னும் முடியவில்லை. முட்டி வலி சராசரியாக நாலணா, ஜூலையில் ஐந்து ஆறணா. குறைந்ததா, பழகிவிட்டதா என்று அம்மாவுக்கே தெரியவில்லை. ட்யூப் இழுப்பது பன்னிரண்டு முறை. இடது தோள் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. புடவைக் கொடியை நான் தாழ்த்திக் கட்டிவிட்டேன், அது பயிற்சி ஆகாது என்று தெரியும்.

அக்காவுக்கு ஒரு கேள்வி. மொட்டை மாடிக்குப் பதினெட்டுப் படி. ஏறும்போது கைப்பிடி இடப்பக்கம், கெட்ட தோள். வலக்கை என்றால் கட்டைவிரல், அந்தப் பக்கம் வெறும் சுவர். படியை ஆரம்பிக்கலாமா?

பழைய பிசியோ | 20 அக்டோபர்

பதினெட்டு வேண்டாம், முதல் படி ஒன்று மட்டும். ஏறி, இறங்கி, மறுபடி. இடது கையைக் கைப்பிடி மேல் தாழ்வாக வைத்தால் போதும், இழுத்து ஏறக் கூடாது. ஏறும்போது வலி குறைவான கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். இறங்குவதில்தான் முட்டிக்குச் சிரமம், அதனால் அன்றைக்கு மணல் பை கிடையாது. நீங்கள் ஒரு படி கீழே நில்லுங்கள். தோளைப் பற்றி நேரில் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

மாடிப்படி | 27 அக்டோபர்

மழை. ஜன்னல் பக்கம் சாரல் அடிக்கிறது, ட்யூபைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றியாயிற்று. முதல் படி ஐந்து முறை, மறுநாள் காலை மூன்றணா.

துண்டு அழுத்துவதில் ஐந்து எண்ணிக்கை எளிதாகிவிட்டதாம். ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் நரசிங்கன்பேட்டையைச் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி மட்டும் | 27 அக்டோபர்

இனிமேல் பாசஞ்சர்.